இரண்டாம் கேள்விக்கு ஆயத்தமாதல்

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் வீட்டிற்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் குடும்பத்துப் பெண் ஒருத்தி, கையில் ஒரு கோப்புடன் வந்தாள். செகந்தராபாத்தின் லாலாகுடாப் பகுதியில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பம் அது. தாத்தாவும் தந்தையும் இரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர்கள். வணிகவியல் பட்டம் பெற்ற அவள், பொதுத்துறை வங்கிகளின் அதிகாரிப் பணிக்கான முதனிலைத் தேர்விலும் முதன்மைத் தேர்விலும் வென்று, நேர்காணலுக்கான அழைப்பைப் பெற்றிருந்தாள். இன்னும் பத்தொன்பது நாட்கள் இருந்தன. அந்தக் குடும்பத்தில் வேலைக்காக ஒரு குழுவின் முன் அமர்ந்து பேசப் போகும் முதல் ஆள் அவள்தான். தந்தை தொழிற்பழகுநராகச் சேர்ந்து, செய்முறைத் தேர்வு எழுதி வேலைக்கு வந்தவர்.

“மாமா, எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். வாயைத் திறந்தால் கை நடுங்குகிறது” என்றாள். கோப்பில் முப்பத்திரண்டு பக்கங்கள். எதிர்பார்க்கப்படும் கேள்விகளும், அவற்றுக்குரிய விடைகளும் அழகான கையெழுத்தில் எழுதப்பட்டு, பாதி மனப்பாடமும் ஆகியிருந்தன. அச்சத்தின் காரணம் அந்தக் கோப்பிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றியது. அதன் பிறகு நாங்கள் செய்தவற்றை இங்கே எழுதுகிறேன். நம் வாடிக்கையாளர்களின் இல்லங்களில் இதே நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது பயன்படக்கூடும்.

முதலில் இந்த நேர்காணலின் எடை என்ன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. மைய அரசின் கீழ்நிலைப் பணிகள் பலவற்றுக்கு 2016 ஜனவரி முதல் நேர்காணல் இல்லை. வங்கி எழுத்தர் பணிக்கும் எழுத்துத் தேர்வுதான். அதிகாரிப் பணிக்கு மட்டும் அது நீடிக்கிறது. வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம் நடத்தும் தேர்வில் நேர்காணலுக்கு 100 மதிப்பெண். அதில் பொதுப் பிரிவினர் 40 விழுக்காடும், ஒதுக்கீட்டுப் பிரிவினரில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் 35 விழுக்காடும் பெற்றாக வேண்டும். இறுதிப் பட்டியலில் முதன்மைத் தேர்வுக்கு 80, நேர்காணலுக்கு 20 என்று பங்கு.

இருபதுதானே என்று அவள் தந்தை சொன்னார். ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். நேர்காணலில் ஒருவர் 60, மற்றொருவர் 45 பெற்றால், பதினைந்து மதிப்பெண் வேறுபாடு இறுதிப் பட்டியலில் மூன்றாகச் சுருங்கும். முதன்மைத் தேர்வின் மொத்தம் 225. அதில் இந்த மூன்றைத் தேடிப்பிடிக்க ஏறத்தாழ எட்டரை மதிப்பெண் கூடுதலாக எடுத்திருக்க வேண்டும். பல மாத உழைப்பில் கிடைக்கும் எட்டு மதிப்பெண் இருபது நிமிடத்தில் வரவும் கூடும், போகவும் கூடும். இந்தக் கணக்கு அவளை மேலும் அச்சுறுத்தியதோ என்று பார்த்தேன். இல்லை, கணக்கு தெரிந்த பிள்ளை. எதற்கு அஞ்ச வேண்டும் என்ற அளவு தெரிந்ததும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த முப்பத்திரண்டு பக்கங்களை ஓரமாக வைத்துவிட்டு, அவள் குழுவிடம் கொடுக்கவிருக்கும் தன்விவரப் படிவத்தைக் கேட்டேன். நேர்காணல் குழு உறுப்பினர்களின் கையில் இருக்கப்போவது அந்தத் தாள்தான். உள்ளே வருபவரைப் பற்றி அவர்களுக்கு வேறொன்றும் தெரியாது. ஆகவே அவர்கள் கேள்விகளை அந்தத் தாளிலிருந்தும், முந்தைய விடையில் நீங்கள் உதிர்த்த சொல்லிலிருந்தும் எடுப்பார்கள். கேள்வித்தாளைப் பாதி நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று சொல்லலாம். ஒரு பென்சிலால் படிவத்தில் உள்ள ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் வட்டமிடச் சொன்னேன். ஊர், கல்லூரி, தந்தையின் பணி, பொழுதுபோக்கு, பட்டம் பெற்ற ஆண்டு என்று பதினொரு வட்டங்கள் விழுந்தன. ஒவ்வொன்றிலும் முன்பின் அறியாத ஒருவர் கேட்கக்கூடிய மூன்று கேள்விகளை எழுது என்றேன். முதல் கேள்விக்கு எல்லோரும் ஆயத்தமாக வருகிறார்கள். கால் இடறுவது இரண்டாம் கேள்வியில்.

எனக்கே அப்படித்தான் நேர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் என் முதல் நேர்காணலில், வங்கிப் பணியில் ஏன் ஆர்வம் என்று கேட்டபோது, வாடிக்கையாளர்களுக்குச் சேவை செய்வதில் எனக்குள்ள விருப்பத்தைப் பற்றி அழகாகப் பேசினேன். எதிரே இருந்த முதியவர் புன்னகையுடன் கேட்டார்: “கடைசியாக எந்த வேலைக்காக வங்கிக்குப் போனீர்கள்?” நான் போனதே இல்லை. எங்கள் வீட்டில் வங்கி வேலை முழுவதும் தந்தையுடையது. பணம் செலுத்தும் சீட்டை ஒருமுறைகூட நான் நிரப்பியதில்லை. அந்த மௌனம் எவ்வளவு நேரம் நீண்டது என்று தெரியாது. எனக்கு ஒரு மணி நேரமாக இருந்தது. அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பெண்ணிடம் “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்ற வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டேன். மனப்பாடம் மடைதிறந்தது. பெயர், பிறந்த ஊர், பள்ளியில் பெற்ற விழுக்காடு, கல்லூரியில் பெற்ற விழுக்காடு, தந்தை, தாய், தம்பி, கடின உழைப்பாளி, நேர்மையானவள், குழுவாகப் பணிபுரியும் திறன் உள்ளவள். நாற்பது நொடிகளில் முடிந்துவிட்டது. நடுவில் ஒரு சொல் மறந்தபோது, தொடக்கத்திற்கே திரும்பிப் போய் மீண்டும் சொன்னாள். மனப்பாடத்தின் இயல்பு அது. வாக்கியங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் கீழே விழுகிறது. நடுக்கத்தின் பெரும்பகுதி அந்தக் கண்ணி அறுந்துவிடுமோ என்ற அச்சம்தான்.

அவள் சொன்னவற்றில் குழுவுக்குப் புதியது ஏதும் இல்லை என்பதையும் கவனித்தோம். விழுக்காடுகள் படிவத்தில் இருக்கின்றன. கடின உழைப்பாளி என்று யாரும் தம்மைச் சொல்லிக்கொள்ளலாம். பிறகு மெல்லக் கேட்டுக் கேட்டு, அவள் சொல்லாமல் விட்டவை மூன்றைக் கண்டெடுத்தோம். அவள் தாய் இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்குப் புத்தகத்தை மூன்று ஆண்டுகளாக எழுதி வருபவள் அவள்தான். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடைவீதியில் இந்துஸ்தானி, கல்லூரியில் ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில் புழங்குகிறாள். தாத்தா காலந்தொட்டு இரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். இவற்றில் ஒன்றுகூட அந்த முப்பத்திரண்டு பக்கங்களில் இல்லை. “இதெல்லாம் சொல்ல வேண்டிய விஷயமா?” என்று கேட்டாள்.

மூன்றையும் ஒரு சிறு அட்டையில் ஆறு சொற்களாக எழுதினோம். வாக்கியம் எழுதக்கூடாது என்பதே நிபந்தனை. முதல் வாக்கியத்தை மட்டும் சொல் மாறாமல் மனப்பாடம் செய்யச் சொன்னேன். நடுக்கம் மிகுதியாக இருப்பது அந்த முதல் பத்து நொடியில்தான். அதைக் கடக்க ஒரு கைப்பிடி வேண்டும். மற்றவற்றை ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொற்களில் சொல்லிப் பழக வேண்டும். ஒரே செய்தியை ஐந்து விதமாகச் சொல்லத் தெரிந்துவிட்டால், ஒரு சொல் மறந்தால் இன்னொன்று கைகொடுக்கும். புதிய விடை ஒன்றரை நிமிடம் வந்தது. அதற்கு மேல் நீண்டால் குழுவினர் தாளைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

இனி இரண்டாம் கேள்விகள். லாலாகுடா என்று சொல்கிறாய்; அங்கே என்ன சிறப்பு என்று கேட்டேன். “இரயில்வே பணிமனை, சார். அங்கே இரயில் என்ஜின்களைப் பழுது பார்க்கிறார்கள்” என்றாள். அவள் தந்தை உள்ளறையிலிருந்து சிரித்தார். லாலாகுடாப் பணிமனை பயணிகள் பெட்டிகளுக்கானது. நிஜாமின் உத்தரவாத அரசு இரயில்வே காலத்தில், 1893-இல் தொடங்கப்பட்டது. குறித்த காலத்திற்கு ஒருமுறை பெட்டிகள் அங்கே வரும். உடற்பகுதியைத் தூக்கி, கீழேயுள்ள சக்கரத் தொகுதியைப் பிரித்து, சுருள்வில்லையும் தடைக்கருவியையும் சோதித்து, வர்ணம் பூசி அனுப்புவார்கள். மின்சார என்ஜின்களுக்கான கொட்டகை லாலாகுடாவில் தனியாக இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. தந்தை முப்பது ஆண்டு பார்த்த வேலையை மகள் தவறாகச் சொன்னால், குழு அதைப் பொது அறிவுக் குறைவாக எடுத்துக்கொள்ளாது. தன்னைச் சுற்றி நடப்பதைப் பாராதவள் என்று எடுத்துக்கொள்ளும். அன்றிரவு தந்தையும் மகளும் நெடுநேரம் பேசினார்களாம். அவர் வேலையைப் பற்றி அவள் கேட்டது அதுவே முதல் முறை என்று பிறகு அவர் என்னிடம் சொன்னார்.

வங்கி வேலைக்கு வருபவரிடம் ஊர் பற்றிய பேச்சு வங்கிகளின் பக்கம் திரும்புவதும் இயல்பு. ஐதராபாத்தில் 1941-இல் தொடங்கப்பட்ட ஐதராபாத் ஸ்டேட் வங்கி, பின்னாளில் ஸ்டேட் பாங்க் ஆஃப் ஹைதராபாத் என்று பெயர் பெற்று, 2017 ஏப்ரலில் பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்தது. பட்டாபி சீதாராமய்யா 1923-இல் மசூலிப்பட்டினத்தில் நிறுவிய ஆந்திரா வங்கி, 2020 ஏப்ரலில் யூனியன் வங்கியுடன் இணைந்தது. தன் மாநிலத்து வங்கிகளுக்கு என்ன ஆயிற்று என்பதை இரண்டு வாக்கியங்களில் சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.

“ஏன் வங்கிப் பணி?” என்பது அடுத்தது. பணிப் பாதுகாப்பு, சமூக மதிப்பு, நாட்டின் வளர்ச்சியில் பங்கு என்று அவள் கோப்பு சொன்னது. இவை பொய்யல்ல, ஆனால் காலையிலிருந்து அதே அறையில் அமர்ந்திருக்கும் குழு இவற்றைப் பலமுறை கேட்டிருக்கும். பணிப் பாதுகாப்பு என்றதும், ஆசிரியர் பணியிலும் அது இருக்கிறதே என்ற இரண்டாம் கேள்வி வரும். சுய உதவிக் குழுவைச் சொல் என்றேன். அந்த விடை இப்படி அமைந்தது: “என் தாயின் குழுவில் பன்னிரண்டு பெண்கள். அவர்களுடைய கணக்கை நான் எழுதுகிறேன். முதன்முதலில் வங்கி கடன் கொடுத்தபோது யாரிடமும் நகையோ வீடோ கேட்கவில்லை. நான் எழுதிய புத்தகத்தைக் கேட்டார்கள். ஒழுங்காக எழுதப்பட்ட கணக்கு பணத்திற்கு ஈடாக நிற்பதை அன்று பார்த்தேன். அந்தப் பக்கம் அமர்ந்து வேலை செய்ய விரும்புகிறேன்.”

இதன் நன்மை, இரண்டாம் கேள்வி அவள் அறிந்த இடத்திலேயே வந்து விழும் என்பது. பிணையின்றி வங்கி எப்படிக் கடன் தருகிறது என்று நான் கேட்டபோது, அவளுக்கு நடுக்கமே வரவில்லை. தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, குழுவுக்குள்ளேயே கொடுக்கல் வாங்கல், காலத்தில் திருப்பிச் செலுத்துதல், நாளது வரை எழுதப்பட்ட கணக்கு என்று விரல்விட்டுச் சொன்னாள். ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் நிற்பார்கள் என்பதையும் சொன்னாள். இந்த இணைப்புத் திட்டத்தை நபார்டு 1992-இல் தொடங்கியது என்ற ஒரு தகவலை மட்டும் நான் சேர்த்தேன். வாழ்ந்து அறிந்ததன் மேல் ஒரு ஆண்டும் ஒரு பெயரும் சேர்ந்தால் விடை நிறைவாகிறது. வெறும் ஆண்டும் பெயரும் மட்டும் இருந்தால் அடுத்த கேள்வியில் உதிர்ந்துவிடும்.

சுய உதவிக் குழு இல்லாத பிள்ளைகள் என்ன செய்வது என்று கேட்கலாம். வீட்டின் அருகே உள்ள கிளைக்கு ஒரு காலை வேளையில் போய், குடும்பத்தின் ஏதேனும் ஒரு வேலையைத் தாமே செய்து வரட்டும். ஒரு காசோலையைச் செலுத்துங்கள், வாடிக்கையாளர் விவரத்தைப் புதுப்பியுங்கள், ஒரு வைப்புநிதிப் படிவத்தை வரிவரியாகப் படியுங்கள். வரிசையில் நிற்கும் முதியவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று பாருங்கள். கிளைக்கு வந்து ஐயம் கேட்கும் மாணவர்களை அலுவலர்கள் விரட்டுவதில்லை. மாதத்தின் முதல் வாரத்தில் மட்டும் வராதீர்கள், ஓய்வூதிய நெரிசல் இருக்கும்.

பட்டம் பெற்றபின் ஒன்றரை ஆண்டு என்ன செய்தாய் என்ற கேள்விக்குத்தான் அவள் மிகவும் அஞ்சினாள். தேர்வுக்குப் படித்தேன் என்பதை ஒரு குற்றம்போல் தலை குனிந்து சொன்னாள். குனிய வேண்டியதில்லை, ஆனால் முழுக் கணக்கும் வேண்டும். முதல் முறை முதன்மைத் தேர்வில் தோற்றது, எந்தப் பகுதியில் மதிப்பெண் குறைந்தது, அதற்காக எதை மாற்றிக்கொண்டாள், இடையில் தெருப்பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தது என்று நான்கு வாக்கியங்கள் போதும். உண்மையை முழுமையாகச் சொன்னால், தோண்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ‘குறை என்ன’ என்ற கேள்விக்கும் இதுவே வழி. எல்லாவற்றையும் குறையின்றிச் செய்ய நினைப்பதே என் குறை என்ற விடையை எந்தப் புத்தகம் முதலில் அச்சிட்டதோ தெரியவில்லை, அதை யாரும் இனி நம்புவதில்லை. ஆங்கிலத்தில் விரைந்து பேச வராது. ஆகவே நாள்தோறும் நாளிதழின் ஒரு பத்தியை உரக்கப் படித்து, என் சொற்களில் மீண்டும் சொல்கிறேன் என்றாள் இவள். அவர்கள் கண்ணெதிரே காணப்போகும் குறையைத் தானே சொல்வதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

வெளிமாநிலத்தில் பணியமர்த்தினால் போவாயா என்று கேட்பார்கள். அதிகாரிப் பணி இந்தியா முழுவதற்குமானது. ஆம் என்று உடனே சொல்லிவிட்டு, பெற்றோரை யார் பார்ப்பார்கள் என்ற இரண்டாம் கேள்வியில் விழிப்பவர்கள் பலர். இந்த விடையை அறையில் தேடக்கூடாது. வீட்டில் பேசி முடித்துவிட்டுப் போக வேண்டும். அவர்கள் வீட்டில் அந்தப் பேச்சு இரண்டு நாள் நடந்தது. தாயார் முதல்நாள் அழுதார் என்று கேள்வி.

தெரியாத கேள்விகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு மாலை வைப்புநிதிக் காப்பீடு எவ்வளவு என்று கேட்டேன். ஐந்து இலட்சம் என்றாள். 2020 பிப்ரவரி முதல் அதுவே வரம்பு. சரி, ஒருவர் ஒரே வங்கியின் மூன்று கிளைகளில் தலா நான்கு இலட்சம் வைத்திருக்கிறார், எவ்வளவுக்குக் காப்பீடு என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் மௌனத்திற்கு அஞ்சி, “பன்னிரண்டு இலட்சம்” என்றாள். ஏன் என்றேன். ஒவ்வொரு கிளையும் தனி என்றாள். தவறான ஊகத்தைக் காக்க இரண்டாவது தவறு, அதைக் காக்க மூன்றாவது. ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளிலும் உள்ள தொகையை, அசலும் வட்டியும் சேர்த்து, ஒன்றாகக் கூட்டியே ஐந்து இலட்ச வரம்பு கணக்கிடப்படும்.

எவ்வளவு தெரியும் என்பதற்கு ஒரு எல்லைக்கோடு போடக் கற்றுக்கொண்டாள். “வரம்பு ஐந்து இலட்சம் என்பது தெரியும், பல கிளைகளில் இருந்தால் எப்படிக் கூட்டுவார்கள் என்பது தெரியவில்லை, மன்னிக்கவும்.” இப்படிச் சொல்பவரிடம் குழு பெரும்பாலும் அடுத்த கேள்விக்குப் போய்விடும், அல்லது விடையைத் தானே சொல்லிவிடும். கவுண்டரில் நாளை ஒரு வாடிக்கையாளர் இதே கேள்வியைக் கேட்கும்போது, இவர் ஊகித்துச் சொல்வாரா, கேட்டறிந்து சொல்வாரா என்பதே அவர்கள் அறிய விரும்புவது. அதற்காக எல்லாக் கேள்விக்கும் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. வணிகவியல் பட்டதாரி நடைமுறை மூலதனம் என்றால் என்ன, காசோலை எத்தனை மாதம் செல்லும், கடன் எப்போது வாராக்கடன் ஆகிறது என்பவற்றில் தடுமாறக்கூடாது. காசோலைக்கு மூன்று மாதம்; தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையானால் வாராக்கடன்.

பயிற்சியை எப்படிச் செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது பயன் தருவதில்லை. மனத்துக்குள் நாம் எல்லோரும் நன்றாகவே பேசுகிறோம். வாய்விட்டுச் சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்து, மறுநாள் காலை கேட்க வேண்டும். உடனே கேட்டால் வெட்கம் மட்டுமே மிஞ்சும். தன் குரலைக் கேட்ட பிறகுதான், வாக்கிய முடிவில் குரல் தேய்ந்து மறைவதை அவள் உணர்ந்தாள். கேள்வி முடிந்ததும் ஒரு மூச்சு விட்டு, அதன் பின் தொடங்கச் சொன்னேன். அந்த இரண்டு நொடி அவளுக்கு நெடுநேரமாகப் பட்டது; பதிவில் கேட்டபோது இருப்பதே தெரியவில்லை. பதினைந்தாம் நாளில், அவளுக்கு அறிமுகமில்லாத என் நண்பர்கள் மூவரை எங்கள் உணவு மேசைக்கு அப்பால் வரிசையாக அமரவைத்தேன். அவர்களுள் ஒருவர் சிரிக்கவே கூடாது என்று முன்பே சொல்லியிருந்தேன். அவள் கைகள் அன்றும் நடுங்கின. ஆனால் மடியில் கோத்து வைத்திருந்ததால் வெளியே தெரியவில்லை. நடுக்கம் நின்ற பிறகு பேசலாம் என்று காத்திருக்கவில்லை, நடுங்கிக்கொண்டே பேசினாள்.

நேர்காணல் முடிந்த அன்று மாலை நேராக எங்கள் வீட்டிற்கு வந்தாள். ஐந்து பேர் இருந்தார்களாம். முதல் கேள்வி அவள் ஆயத்தம் செய்த எதுவும் இல்லை. பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டிருக்கிறார்கள். பிறகு ஊர், அதன் பின் பணிமனை.

“பெட்டியா, என்ஜினா என்று கேட்டார்கள், மாமா” என்றாள்.

முடிவு இன்னும் வரவில்லை. அந்த முப்பத்திரண்டு பக்கக் கோப்பு எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது; திரும்பக் கேட்கவில்லை. ஆறு சொற்கள் எழுதிய அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.